வடஇந்தியக் கட்டத்தை நம் கட்டத்துக்கு மாற்ற உதவி வேண்டும்

வணக்கம். வடஇந்திய முறையில் எழுதிய ஒரு ஜாதகத்தை நம் ராசிக்கட்டத்தில் எழுதிப் பார்க்கிறேன். மேலே நடு வைரக் கட்டத்தில் 5 என்று இருக்கிறது. அதுதான் லக்னம், 5 என்பது ராசி எண், அதனால் சிம்மம். பாவங்களை அங்கிருந்து இடப்பக்கமாக எண்ணினால், இடது நடுக்கட்டம் நாலாம் வீடு. அதில் 8 என்ற எண்ணோடு குரு இருப்பதால், நம் கட்டத்தில் கீழ்வரிசையில் இடமிருந்து இரண்டாவதான விருச்சிகத்தில் எழுதினேன். இதுவரை சரிதானே?

குழப்பம் சனியில்தான். ராசிக்கட்டத்தில் ஏழாம் வீட்டில், கும்பத்தில் இருக்கிறார். பக்கத்தில் ‘சலித்’ என்று போட்ட கட்டத்தில் ஆறாம் வீட்டில் இருக்கிறார். ராசி கும்பம்தான், பாவம் மட்டும் மாறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியானால் பார்வையை எந்தக் கட்டத்திலிருந்து எண்ணுவது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.