உதவி வேண்டும்: பத்து ஆண்டு முடித்தவருக்கு எக்செல் 9 ஆண்டு 11 மாதம் என்று காட்டுகிறது

குடியாத்தம், கணினி மையம் நடத்துபவர்

வணக்கம். என் அக்காவின் கணவர் ரியாத்தில் ஏ.சி. மெக்கானிக்காக வேலை பார்த்துவிட்டு, தாமாக ராஜினாமா கடிதம் கொடுத்து, எக்ஸிட் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறார். வேலையில் சேர்ந்தது 12 ஆகஸ்ட் 2014. கடைசியாக வேலை செய்த நாள் 11 ஆகஸ்ட் 2024. படிகள் உட்பட அவருடைய கடைசி மாதச் சம்பளம் 3,000 ரியால். கம்பெனி கொடுத்த பணிக்கொடைக் கணக்குத் தாளில் சர்வீஸ் 9 ஆண்டு 11 மாதம் என்று போட்டு, மொத்தத் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு என்று 14,833 ரியால் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். விரல் விட்டு எண்ணினால் பத்து ஆண்டுகள் சரியாக வருகின்றன. ஆனால் நான் எக்செலில் போட்டுப் பார்த்தாலும் கம்பெனி சொன்னதே வருகிறது. B2-இல் சேர்ந்த தேதியும் B3-இல் கடைசி நாளும் உள்ளன.

```
=DATEDIF(B2,B3,"Y")    → 9
=DATEDIF(B2,B3,"YM")   → 11
```

இதே வேலைக்காக மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது என் கடைக்கு வருகிறார்கள். இதுவரை இந்த ஃபார்முலாவை நம்பித்தான் அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்பதால் மனம் உறுத்துகிறது. தவறு எங்கே இருக்கிறது?

காட்பாடி, கணித ஆசிரியர்

இரண்டு தேதிகளையும் கழித்து 365-ஆல் வகுத்துப் பாருங்கள். 3,652 நாள் வருகிறது, வகுத்தால் 10.005. ஆகவே பத்து ஆண்டு முடிந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

ஆம்பூர், துபாயில் இருந்து திரும்பியவர்

எனக்கு ஆறு ஆண்டுக்குக் கணக்கு முடித்தபோது முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், ஆறாம் ஆண்டுக்கு 30 நாள் சம்பளமும் கொடுத்தார்கள். ராஜினாமா செய்ததற்காக எதையும் குறைக்கவில்லை. உங்கள் மாமாவுக்கு மட்டும் ஏன் மூன்றில் இரண்டு பங்கு?

மேல்விஷாரம், ரியாத்தில் 22 ஆண்டு சம்பளக் கணக்குப் பார்த்தவர்

ஆம்பூர் நண்பர் சொல்வது அமீரகச் சட்டம். அங்கே 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் ராஜினாமாவுக்கான பிடித்தம் இல்லை. சவூதியில் அது உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்பது 84-ஆம் பிரிவு. தாமாக விலகியவருக்கு அந்தத் தொகையில் எவ்வளவு கிடைக்கும் என்பதை 85-ஆம் பிரிவு சொல்கிறது: ஐந்து ஆண்டுக்கு மேல், பத்துக்குக் கீழ் என்றால் மூன்றில் இரண்டு பங்கு, பத்து ஆண்டு முடிந்தால் முழுத் தொகை. உங்கள் கணக்கு அந்தப் பத்தாம் ஆண்டின் வாசற்படியில் நிற்பதால்தான் ஒரு நாள் இவ்வளவு பெரிதாகிவிட்டது.

DATEDIF இரண்டாவது தேதியைக் கணக்கில் சேர்க்காது. அந்த நாள் தொடங்கும் வரைதான் எண்ணும். உங்கள் மாமாவோ 11-ஆம் தேதி மாலை வரை வேலை செய்திருக்கிறார், அந்த நாளுக்குச் சம்பளமும் வாங்கியிருப்பார். ஆகவே கடைசி நாளோடு ஒன்றைக் கூட்ட வேண்டும்.

```
=DATEDIF(B2,B3+1,"Y")    → 10
=DATEDIF(B2,B3+1,"YM")   → 0
```

இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் ஐந்து ஆண்டுக்கு 1,500 வீதம் 7,500; அடுத்த ஐந்துக்கு 3,000 வீதம் 15,000; ஆக 22,500 ரியால். கம்பெனியோ 9 ஆண்டு 11 மாதத்துக்கு 22,250 என்று போட்டு, அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்திருக்கிறது. ஒரு நாளால் வந்த வித்தியாசம் 7,666 ரியாலுக்கு மேல்.

ஆசிரியர் ஐயா அவர்களின் விடை சரி, வழி சரியில்லை. நடுவில் 2016, 2020, 2024 என மூன்று லீப் ஆண்டுகள் இருக்கின்றன. ஒருவர் 9 ஆகஸ்ட் அன்றே நின்றிருந்தாலும் 365-ஆல் வகுத்தால் பத்து என்றுதான் வரும். அவர் உண்மையில் இரண்டு நாள் குறைவு. அந்த முறையில் தயாரித்த தாளைக் கம்பெனியில் நீட்டினால் அடுத்த நிமிடமே மறுத்துவிடுவார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். இந்தப் பத்து ஆண்டுகளில் அவர் சம்பளம் இல்லாத விடுப்பு எடுத்தாரா?

குடியாத்தம், கணினி மையம் நடத்துபவர்

மிக்க நன்றி, பாய். ஆம், எடுத்திருக்கிறார். 2019-இல் அவருடைய தந்தைக்கு வேலூர் சி.எம்.சி.யில் இதய அறுவை சிகிச்சை நடந்தபோது, சம்பள விடுப்பு முடிந்த பிறகும் 97 நாள் சம்பளமில்லாமல் ஊரில் தங்கினார். கம்பெனியின் தாளில் அந்த விடுப்பு பற்றி ஒரு வரியும் இல்லை.

மேல்விஷாரம், ரியாத்தில் 22 ஆண்டு சம்பளக் கணக்குப் பார்த்தவர்

அப்படியென்றால் அவசரப்பட்டு எழுத வேண்டாம். சம்பளமில்லாத விடுப்பில் 20 நாளுக்கு மேற்பட்ட காலத்துக்கு, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால், ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்கிறது 116-ஆம் பிரிவு. 97-இல் 20 போக 77 நாள். அதை B4-இல் போட்டுக் கழித்தால் இப்படி வரும்:

```
=DATEDIF(B2,B3+1-B4,"Y")    → 9
=DATEDIF(B2,B3+1-B4,"YM")   → 9
```

மீதி 15 நாளையும் சேர்த்தால் ஏறக்குறைய 14,583 ரியால். கொடுத்ததைவிட 250 குறைவு. நீங்கள் ஒரு நாளைக் கேட்கப் போய், அவர்கள் 77 நாளை எடுத்து வைக்கக்கூடும்.

உங்கள் பக்கம் இரண்டு பிடிகள் இருக்கின்றன. கம்பெனியே விடுப்பைக் கழிக்காமல் கணக்குத் தாளில் கையெழுத்திட்டிருப்பதால், அந்த நாட்களைச் சர்வீஸாக ஏற்றுக்கொண்டது என்று வாதிடலாம். அந்தத் தாளின் அசலைப் பத்திரமாக வையுங்கள். இரண்டாவது, ஒப்பந்தத்திலோ கம்பெனி விதிகளிலோ வேறு விதமாக எழுதாவிட்டால், சட்டத்தில் சொன்ன காலங்களை ஹிஜ்ரி நாட்காட்டிப்படி எண்ண வேண்டும் என்று 10-ஆம் பிரிவு சொல்கிறது. பத்து ஹிஜ்ரி ஆண்டு என்பது சுமார் 3,544 நாள். அவருடைய மொத்தம் 3,653. அதில் 77 போனாலும் 3,576 நிற்கிறது. அந்தக் கணக்கில் விடுப்பைக் கழித்தாலும் பத்து ஆண்டைத் தாண்டிவிடுகிறார். பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஆங்கிலத் தேதிப்படி என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காட்பாடி, கணித ஆசிரியர்

லீப் ஆண்டுகளை விட்டுவிட்டேன், திருத்தத்துக்கு நன்றி. ஆனால் சேர்ந்த தேதி ஆங்கிலத்தில் இருக்கும்போது ஹிஜ்ரியில் எண்ணுவதை அங்குள்ள தொழிலாளர் நீதிமன்றம் ஏற்குமா?

மேல்விஷாரம், ரியாத்தில் 22 ஆண்டு சம்பளக் கணக்குப் பார்த்தவர்

தேதியை எப்படி எழுதினார்கள் என்பது வேறு, காலத்தை எப்படி எண்ண வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள் என்பது வேறு என்பது என் கருத்து. மறுதரப்பு அதை மறுக்கும். நான் கணக்குப் பார்த்தவன், வழக்கறிஞன் அல்ல.

குடியாத்தம், கணினி மையம் நடத்துபவர்

அக்கா வீட்டுக்குப் போய் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் அரபி. சேர்ந்த தேதியை இரண்டு நாட்காட்டியிலும் எழுதியிருக்கிறார்கள். எண்ணும் முறை பற்றி ஆங்கிலப் பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. அரபிப் பக்கத்தின் கடைசிப் பத்தி மட்டும் ஆங்கிலத்தில் உள்ளதைவிட இரண்டு வரி நீளமாகத் தெரிகிறது.

மேல்விஷாரம், ரியாத்தில் 22 ஆண்டு சம்பளக் கணக்குப் பார்த்தவர்

அரபிதான் செல்லுபடியாகும் வாசகம். அந்த இரண்டு வரியில் ‘மீலாதி’ என்ற சொல் இருந்தால் அது ஆங்கில நாட்காட்டி. அரபி படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், தாளோடு வந்துவிடுங்கள். வேலை முடிந்து 12 மாதத்துக்குள் கோரிக்கையைப் பதிய வேண்டும்; அந்த 12 மாதத்தையும் ஹிஜ்ரியில் எண்ணக்கூடும் என்பதால், 2025 ஜூலை முடிவதற்குள் பதிந்துவிட வேண்டும்.

குடியாத்தம், கணினி மையம் நடத்துபவர்

ஞாயிறு காலை மாமாவையும் அழைத்துக்கொண்டு வருகிறேன், பாய். அதற்குள், இதுவரை நான் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்களின் கோப்புகளைத் திறந்து, ஒன்றைக் கூட்டாமல் விட்டது எத்தனை பேருக்கு என்று பார்க்கிறேன். இரண்டு, ஐந்து, பத்து ஆண்டுகளை ஒட்டி நின்றவர்களுக்கு முதலில் போன் செய்கிறேன்.