போட்டோவில் உயரம் 23 செ.மீ.யா, 24 செ.மீ.யா? பார்சல் கட்டணம் கணக்கிட உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு பார்சலின் கட்டணத்தை அது கையில் வருவதற்கு முன்பே சொல்ல வேண்டியிருக்கிறது. அனுப்புபவர் பெட்டியின் மூன்று விளிம்புகளிலும் அளவு நாடாவை வைத்து ஒரே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். தராசில் எடை 3.2 கிலோ.

நீளம் 42, அகலம் 31 செ.மீ. என்று தெளிவாகத் தெரிகிறது. சிக்கல் உயரத்தில்தான். மேலிருந்து சாய்வாக எடுத்த படம். நாடா விளிம்போடு ஒட்டாமல் சற்று விலகி நிற்பதால் மேல் மூலை 23க்கும் 24க்கும் நடுவில் விழுகிறது. நாடாவின் கொக்கி தரையைத் தொடுகிறதா என்பதும் நிழலில் மறைந்துவிட்டது.

பெட்டியின் கன அளவை எடையாக மாற்ற கூரியர் வைத்திருக்கும் வகுஎண் 5000. நான் போட்ட கணக்கு:

```
42 × 31 × 23 ÷ 5000 = 5.99
42 × 31 × 24 ÷ 5000 = 6.25
```

இரண்டுமே 3.2 கிலோவைவிட அதிகம், அதனால் கட்டணம் கன அளவு எடைக்குத்தான். அடுத்த அரை கிலோவுக்கு ஏற்றினால் முதலாவது 6 கிலோ, இரண்டாவது 6.5. அதாவது முதல் அரை கிலோவுக்கு மேல் 11 கூடுதல் படிகளா, 12ஆ என்பது அந்த ஒரு சென்டிமீட்டரில் நிற்கிறது. அப்புறம், மூடி நடுவில் லேசாக உப்பியிருக்கிறது. கூரியர் உப்பிய இடத்தைத்தான் அளப்பார்கள், அதனால் 24 என்று எடுக்கவே எனக்குத் தோன்றுகிறது.

இப்படிச் சாய்ந்த படத்திலிருந்து உயரத்தை எப்படி உறுதி செய்வீர்கள்? கண்மட்டத்தில், பக்கவாட்டிலிருந்து இன்னொரு படம் கேட்டால் போதுமா, நாடாவின் தொடக்கத்தையும் தனியே கேட்க வேண்டுமா? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.