பணி வரம்புக்குச் சொல்: ‘நடப்புப் பணி’யா, ‘எடுபணி’யா?

மாறன்:
அனைவருக்கும் வணக்கம். ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையில் எழுதி, அது இருக்கும் நிலைக்கேற்பப் பத்தி பத்தியாக நகர்த்தும் கன்பான் பலகையின் ஒரு பத்தியில் ஒரே நேரத்தில் எத்தனை அட்டைகள் இருக்கலாம் என்று பத்தியின் தலைப்பில் எழுதும் எண்ணுக்கு, பராமரிப்புப் பிரிவின் கையேட்டில் ‘நடப்புப் பணி வரம்பு’ என்று எழுதியுள்ளேன். பொருந்துமா?

கயல்விழி:
எனக்குத் தயக்கம் உண்டு. உதிரிபாகம் வராமல் பாதியில் நின்ற பழுதை எவரும் ‘நடப்பு’ என்று கருதுவதில்லை. ஆகவே அந்த அட்டையைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்ததை எடுத்துவிடுவார்கள். வரம்பு தடுக்க வேண்டியதே அதைத்தான். ‘எடுபணி’ என்றால், கையில் எடுத்தது முடியும்வரை எண்ணிக்கையில் இருக்கும்.

அன்வர்:
‘பணி ஒதுக்கீடு’ என்ற பழகிய சொல்லே போதாதா? ஒரு ஷிப்டுக்கு இரண்டு வேலைகள் மட்டும் என்றால் பிழை குறையும்தான்; ஆனால் முடியும் வேலைகளும் குறையுமே.

கயல்விழி:
பிழை குறையும் என்பது சரி, ஐயா. ஆனால் ஒரு நாளின் மொத்த வேலைக்கு இது வரம்பன்று. ஒன்று முடிந்தால் அடுத்ததை உடனே எடுக்கலாம். ஒருவரிடம் தலா இரண்டு மணி நேரம் பிடிக்கும் மூன்று பழுதுகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றாக முடித்தால் அவை இரண்டாம், நான்காம், ஆறாம் மணியில் முடியும். மூன்றையும் தொடங்கி அரை மணிக்கொன்றாக மாற்றி மாற்றிச் செய்தால், ஐந்து, ஐந்தரை, ஆறு மணிகளில் முடியும். நான்காம் மணியில் அவசர அழைப்பு வந்து அவர் வெளியேற நேர்ந்தால், முதல் முறையில் இரண்டு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாம் முறையில் மூன்றுமே பிரித்த நிலையில் அடுத்த ஷிப்டுக்குப் போகும். எந்தத் திருகு முறுக்கப்பட்டது, எது இன்னும் தளர்வாக உள்ளது என்பதைக் கண்டறியவே அவர்களுக்கு நேரம் செலவாகும். ஒவ்வொரு மாற்றத்திலும் கருவிகளை எடுத்துவைக்க ஆகும் நேரத்தை நான் இங்குச் சேர்க்கவே இல்லை.

செல்வி:
எங்கள் ஆய்வகத்தில் மாதிரி மூன்று மணி நேரம் உலர்கலத்தில் இருக்க வேண்டும். வரம்பு ஒன்று என்றால், அதுவரை நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதா?

கயல்விழி:
வேண்டியதில்லை, அம்மா. உலர்த்தலுக்குத் தனிப் பத்தி வைத்து, கலத்தில் எத்தனை மாதிரிகள் கொள்ளுமோ அதையே வரம்பாக்குங்கள். வரம்பே இல்லாத ‘காத்திருப்பு’ப் பத்தி மட்டும் வேண்டாம். நின்றுபோன அட்டைகளெல்லாம் அங்கே ஒதுங்கிவிடும். மற்றப் பத்திகள் ஒழுங்காகத் தோன்றும். எடுத்த தேதியை அட்டையிலேயே எழுதி வைத்தால், பழைய தேதிகள் பெருகுவதிலிருந்து இதைக் கண்டுகொள்ளலாம்.

மாறன்:
‘எடுபணி’ வினைத்தொகை என்பதால், இனி எடுக்கப்போகும் பணியையும் குறிக்குமே? ‘முடியாப் பணி’ என்றாலும் தொடங்காதவை உள்ளே வந்துவிடுகின்றன.

கயல்விழி:
அந்தக் குறை உண்மைதான். ‘எடுத்த பணி வரம்பு’ என்று விரித்தால் ஐயம் நீங்கும்; ஆனால் பத்தியின் தலைப்பில் எழுத நீளம். நின்ற அட்டையும் எண்ணிக்கையில் சேரும் என்ற பொருளைத் தாங்கும் குறுகிய சொல் வேறு எவரிடமேனும் இருந்தால், கையேடு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.