"முக்கியமான வேறுபாடு" என்பதற்கு மாற்றுச் சொல்

கயல்விழி:
வணக்கம். ஒரு ஏ/பி சோதனைக் கருவியைத் தமிழாக்கி வருகிறேன். ஒரே கட்டுரைக்கு இரண்டு தலைப்பு வைத்து, வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு மற்றொன்றும் காட்டும் கருவி. முடிவுப் பக்கத்தில் "வேறுபாடு முக்கியமானதல்ல" என்று போட்டேன். பயன்படுத்திப் பார்த்தவர், "3 சதவீதம் 5 ஆகியிருக்கிறது, அது முக்கியமில்லையா?" என்று கேட்கிறார். தலைப்புக்கு 400 பேர் பார்த்திருக்கிறார்கள். ஒன்றில் 12 சொடுக்கு, மற்றதில் 20.

இளங்கோ:
அவர் கேட்பது நியாயம். கருவி சொல்ல வருவது வித்தியாசம் பெரிதா சிறிதா என்பதல்ல, வெறும் தற்செயலாலும் இவ்வளவு வருமா என்பது. இங்கே மொத்த வித்தியாசமே 8 சொடுக்குதான். இரண்டு பக்கமும் ஒரே தலைப்பை வைத்திருந்தாலும், இந்த அளவு அல்லது இதைவிடப் பெரிய இடைவெளி நூற்றுக்குச் சுமார் 15 முறை வரும். வழக்கமாக 5க்குக் கீழே இருந்தால்தான் ஏற்பார்கள். 3க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம் உண்மையாகவே இருந்து, ஐந்தில் நான்கு முறையாவது அது பிடிபட வேண்டுமென்றால் தலைப்புக்கு 1,500 பேர் தேவை. 3க்கும் 4க்கும் என்றால் 5,000 தாண்டிவிடும்.

என் பரிந்துரை: "தற்செயல் கடந்த வேறுபாடு".

பாஸ்கர்:
சொல் எதுவானாலும் வழி எளிது. "கடந்தது" என்று காட்டும்வரை சோதனையை ஓட விடுங்கள். ஆள் சேரச் சேரத் தெளிவு வந்துவிடும்.

இளங்கோ:
ஆள் சேரத் தெளியும், சரி. ஆனால் தினமும் எட்டிப் பார்த்து, பச்சை நிறம் வந்த அன்றே நிறுத்தினால் ஏமாந்துபோவோம். ஒரே தலைப்பை இருபுறமும் வைத்து இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் ஏதோ ஒரு நாள் பச்சை வந்துவிடக்கூடும். எத்தனை பேர் என்பதை முன்பே முடிவு செய்துவிட்டு, அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. நீங்கள் படித்த விதத்தைப் பார்த்தால், "கடந்த" என்ற சொல்லே கோட்டைத் தாண்டியாச்சு என்ற நினைப்பைத் தருகிறதோ என்று சந்தேகம் வருகிறது.

மீனா:
எங்கள் தளத்துக்கு ஒரு நாளைக்கு 40 பேர் வந்தாலே அதிகம். 3,000 பேர் சேர இரண்டரை மாதம் ஆகும், அதற்குள் கட்டுரை பழசாகிவிடும். தலைப்பை விட்டுவிட்டுப் பொத்தானின் நிறத்தைச் சோதிக்கலாமா?

இளங்கோ:
நிறத்தால் வரும் மாற்றம் பெரும்பாலும் இன்னும் சிறியது. வித்தியாசம் பாதியானால் தேவைப்படும் ஆட்கள் ஏறக்குறைய நான்கு மடங்கு. அடியோடு வேறுபட்ட இரண்டு தலைப்புகளைச் சோதியுங்கள், இல்லையென்றால் நல்லதாகப் படுவதை நீங்களே வைத்துவிடுங்கள்.

கயல்விழி:
முடிவுப் பக்கத்தில் இப்போதைக்கு "இது தற்செயலாகவும் இருக்கலாம்" என்று முழு வாக்கியமாகவே போடுகிறேன். ஆனால் பட்டியலின் தலைப்பில் அது அடங்காது, அங்கே ஒற்றைச் சொல் வேண்டும். "தற்செயல்நீக்கம்" எப்படி?

பாஸ்கர்:
தற்செயலை யாரும் நீக்கவில்லையே!