ஒவ்வொரு பட்டையும் ஒரே முறை வெளியேறுகிறது: சம உயரத்தில் ஓர் ஐயம்

வணக்கம். பினாங்கில் மாணவர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்கும் எனக்கு, பட்டை வரைபடத்தின் மிகப்பெரிய செவ்வகத்தை ஸ்டேக் கொண்டு காணும் முறையில் உங்கள் உதவி தேவை.

இம்முறையில், குட்டையான பட்டை வரும்போது ஸ்டேக்கின் மேலுள்ள உயரமான பட்டைகள் வெளியேறுகின்றன. உயரங்கள் 3, 5, 4, 1 எனில், 4 வரும்போது 5 வெளியேறிப் பரப்பு 5 ஆகிறது; 1 வரும்போது முதலில் 4 வெளியேறி, ஸ்டேக்கில் அதற்குக் கீழே உள்ள 3 இடது எல்லையாவதால் 4×2=8, பிறகு 3 வெளியேறி 3×3=9 கிடைக்கிறது. வெளியேறிய பட்டையின் செவ்வகம் அங்கேயே முடிந்துவிடுவதாலும், அது மீண்டும் உள்ளே போகாததாலும், வளையத்துக்குள் வளையம் இருந்தும் மொத்த நீக்கங்கள் பட்டைகளின் எண்ணிக்கையான n-ஐத் தாண்டுவதில்லை, இதுவரை தெளிவு.

ஆனால் 4, 4 என வந்து, சம உயரத்திலும் வெளியேற்றினால், முதல் பட்டை 4 என்ற குறைவான பரப்பையே தருகிறது; இரண்டாவதுதான் 8 தருகிறது. இடையில் குட்டையான பட்டை இல்லாதவரை, சம உயரமுள்ளவற்றில் கடைசிப் பட்டை எப்போதும் முழுப் பரப்பைத் தரும் என்பதை மாணவர்களுக்கு எளிதாக நிறுவிக்காட்டும் வழி தெரிந்தவர்கள் அன்புகூர்ந்து எழுதுங்கள்.