எட்டுப் பெட்டி, பதினொரு பேர், ஒரே வண்டி: விமான நிலையத்துக்குப் போன அனுபவங்கள்

அண்ணா நகர்த் தம்பி

சிகாகோவில் இருக்கும் என் அக்காவின் குடும்பம் விடுமுறை முடிந்து திரும்பியபோது, வழியனுப்ப நாங்கள் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். பயணிகள் நான்கு பேர்: அக்கா, அத்தான், பன்னிரண்டு வயது மகன், ஐந்து வயது மகள். ஆளுக்கு 23 கிலோ எடையில் இரண்டு பெட்டிகள் என்பதால் பெரிய பெட்டிகள் மட்டும் எட்டு. அவற்றோடு நான்கு கேபின் பெட்டிகளும் முதுகுப் பைகளும் இருந்தன. வழியனுப்ப வருவதாகச் சொன்னவர்கள் பெரியப்பாவையும் முழங்கால் வலியுள்ள அத்தையையும் சேர்த்து ஏழு பேர். பதினொரு பேருக்குப் பன்னிரண்டு இருக்கை வேன் போதும் என்று கணக்குப் போட்டு, அதையே வரவழைத்தோம்.

அந்தக் கணக்கில் பெட்டிகளை யாருமே சேர்க்கவில்லை. கடைசி வரிசை இருக்கைக்குப் பின்னால் இருந்த இடத்தில் மூன்று பெட்டிகளை நிறுத்தி வைக்க முடிந்தது. மற்ற ஐந்தையும் கடைசி வரிசையின் நான்கு இருக்கைகள் மேல் அடுக்கினோம். மீதி எட்டு இருக்கைகளுக்குப் பதினொரு பேர் வாசலில் நின்றோம். யாரை இறங்கச் சொல்வது என்று யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் சித்தப்பா மகன்கள் மூவரும் தாங்களாகவே மெட்ரோவில் கிளம்பி, ஆலந்தூரில் மாறி, எங்களுக்கு முன்பே விமான நிலையம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வேன் அப்போது கிண்டியைக்கூடத் தாண்டவில்லை.

உண்மையான குழப்பம் புறப்பாட்டு வாசலில் தொடங்கியது. வண்டி நின்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினோம், டிக்கி திறந்தது, பெட்டிகள் தரைக்கு வந்தன. டிராலி ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை. நான் ஓடிப்போய் இரண்டைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் காவலர் விசிலடிக்க, ஓட்டுநர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எண்ணிப் பார்த்தால் கேபின் பெட்டிகள் மூன்றுதான் இருந்தன. நான்காவது, முன் இருக்கையில் பெரியப்பாவின் காலடியில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. அதில்தான் பாஸ்போர்ட்டுகள் இருந்தன. ஓட்டுநர் சுற்றிக்கொண்டு வர இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை அக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய திட்டு.

அடுத்த முறைக்கு இரண்டு வண்டிகள் எடுக்காமல் சமாளிக்க வழி உண்டா என்று, இப்படிப் போனவர்கள் சொல்லுங்கள்.

பழைய தரைப்பணியாளர்

விமான நிலையத் தரைப்பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் வண்டியில் ஏறும் ஆட்களைத்தான் எண்ணினீர்கள். வாசலுக்கு உள்ளே டிராலியைத் தள்ளப்போகும் கைகளை எண்ணவில்லை. வாசலில் பயணச்சீட்டையும் அடையாள அட்டையையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். வழியனுப்ப வந்த ஏழு பேரின் உதவியும் அங்கேயே முடிந்துவிடும். உள்ளே அந்த எட்டுப் பெட்டிகளுக்கும் இருந்தவர்கள் பெரியவர்கள் இருவரும் ஒரு பையனும்தான். ஐந்து வயதுக் குழந்தை தன் பையைத் தானே சுமந்தாலே பெரிய உதவி.

ஆகவே மூன்று டிராலிகள் வேண்டும். பெரியவர்கள் தள்ளும் இரண்டில் மும்மூன்று பெட்டிகளைப் படுக்கைவாட்டில், கனமானது அடியில் வருமாறு அடுக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் சாய்தளத்தில் முன்பக்கம் சரியும். பையனுக்கு இரண்டு பெட்டிகள் போதும், அதுவும் அவன் கண்ணை மறைக்காத உயரத்தில். பல டிராலிகளில் கைப்பிடியை அழுத்தினால்தான் சக்கரம் நகரும், விட்டால் நின்றுவிடும். சிறுவர்கள் இது தெரியாமல் முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே வெறும் டிராலியை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கமாக இழுக்கும் சக்கரம் அப்போதே தெரிந்துவிடும்.

இறங்கும் வரிசையும் முக்கியம். வண்டி நின்றதும் இரண்டு பேர் மட்டும் இறங்கி டிராலிகளைக் கொண்டுவர வேண்டும்; அதுவரை டிக்கி திறக்கவே கூடாது. உங்கள் மெட்ரோ தம்பிகள் முன்பே வந்து நின்றார்கள் அல்லவா? அவர்களிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தால் வண்டி வரும் நேரத்தில் மூன்று டிராலிகளோடு நின்றிருப்பார்கள். பாஸ்போர்ட்டைப் பெட்டியிலேயே வைக்கக் கூடாது. ஒருவருடைய தோள்பையில் இருக்கட்டும்.

வேலூர் வாத்தியார்

இவ்வளவு சிரமம் எதற்கு? வேன் மேல் கேரியர் இருந்தால் எட்டுப் பெட்டியையும் மேலே ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிடலாம். பன்னிரண்டு இருக்கையும் காலியாக இருக்கும். மேலும் ஆளுக்கு 46 கிலோ என்பதால் அதை ஒரே பெட்டியாகக் கட்டினால் எண்ணிக்கையும் பாதியாகக் குறையும்.

பழைய தரைப்பணியாளர்

கேரியர் யோசனை நல்லதுதான், இருக்கையும் மிச்சமாகும். ஆனால் 23 கிலோப் பெட்டியை அந்த உயரத்திலிருந்து இறக்க மேலே ஒருவரும் கீழே இருவரும் வேண்டும். கயிற்றை அவிழ்ப்பதற்குள் விசில் கேட்டுவிடும். அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் உயரத் தடைக்கம்பி இருந்தால் கேரியர் வேன் உள்ளேயும் போகாது. ஒரே பெட்டி என்பது நடக்கவே நடக்காது. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் சாதாரணமாகக் கவுண்டரில் வாங்கவே மாட்டார்கள், பணம் கட்டினாலும்.

யாழ்ப்பாணத்து மாமி

எங்கள் அனுபவமும் இதைப் போன்றதே. கனடாவிலிருந்து தம்பி குடும்பம் வருகிறது என்று யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஒரு வான் பிடித்து ஒன்பது பேர் இரவிரவாகப் போனோம். போகும்போது எல்லோரும் வசதியாக நித்திரை கொண்டோம். திரும்பும்போதுதான் அவர்கள் ஐந்து பேரும் பத்துப் பொதிகளும் எங்கே ஏறுவது என்ற யோசனை வந்தது! கடைசி ஆசனங்களை மடித்துப் பொதிகளை அடுக்கினோம். இளம் பிள்ளைகள் நால்வரைக் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து பேருந்தில் வரச்செய்தோம்.

அண்ணா நகர்த் தம்பி

மாமி, நீங்கள் சொல்வது வரவேற்கப் போனது, நாங்கள் வழியனுப்பப் போனோம். ஆனாலும் இருக்கைக் கணக்கு ஒன்றேதான் என்று புரிகிறது. போர்ட்டர் வைத்துக்கொள்ளலாமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

மதுரைக்காரி

என் தாயாரோடு தனியாகப் பயணம் செய்தபோது, ஒரு விமான நிலைய வாசலில் சாதாரண உடையில் வந்த ஒருவர், கேட்காமலேயே டிராலியைப் பிடித்து ஐம்பதடி தள்ளிவிட்டு டாலரில் பணம் கேட்டார். கொடுத்துவிட்டுத்தான் நகர முடிந்தது. அதிலிருந்து நான் போர்ட்டர் பக்கமே போவதில்லை.

பழைய தரைப்பணியாளர்

அவர் போர்ட்டராக இருந்திருக்க வாய்ப்பில்லை, அம்மா. அனுமதி பெற்றவர் சீருடையிலும் அட்டையோடும் இருப்பார். உங்களோடு உள்ளே கவுண்டர் வரை வரக்கூடியவரா என்பதுதான் சோதனை. வாசலோடு நின்றுவிடுபவரால் உங்களுக்குப் பயனில்லை, ஏனென்றால் வாசல் வரை தள்ள உறவினர்களே இருக்கிறார்கள். பெட்டியைத் தொடுவதற்கு முன்பே எத்தனை பெட்டி, எதுவரை, மொத்தம் எவ்வளவு ரூபாய் என்று மூன்றையும் பேசி, ரசீது உண்டா என்றும் கேளுங்கள். இரு பெரியவர்களும் எட்டுப் பெட்டிகளும் என்றால் ஒரு போர்ட்டர் தாராளமாக வைக்கலாம். இரண்டு பேர் தேவையில்லை.

மதுரைக்காரி

வாசலில் ஆயிரம் பேர் நிற்கும்போது அட்டையைப் படித்துப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? நான் என் பையை நானே தள்ளுகிறேன்.

அண்ணா நகர்த் தம்பி

அடுத்த முறை தம்பிகள் மூவரும் மெட்ரோவில் முன்னால் போய் டிராலிகளோடு நிற்பதாக ஒப்புக்கொண்டுவிட்டார்கள். வேனில் எட்டுப் பேரும் எட்டுப் பெட்டிகளும். அந்த எட்டு இருக்கைகளில் பெரியப்பாவுக்கு முன் இருக்கைதான் வேண்டுமாம். அவர் காலடியில் இனி எதுவும் வைக்கக் கூடாது என்று சொல்லும் பொறுப்பை யாரும் இன்னும் ஏற்கவில்லை.