"சாரி ஃபார் லேட்" சரியா?

டொராண்டோ புதுவரவு: வணக்கம். போன மாதம்தான் இங்கே வேலையில் சேர்ந்தேன். மீட்டிங்குக்குத் தாமதமானால் "சாரி ஃபார் லேட்" என்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். கூட வேலை செய்யும் நண்பர் அது தப்பு என்கிறார். ஆனால் டீம் லீடே "சாரி ஃபார் த லேட் ரிப்ளை" என்று மெயில் போடுகிறாரே?

லீட்ஸ் அக்கா: அவர் எழுதியதில் ஃபாருக்கு உரியது ரிப்ளை. லேட் என்பது அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அடைமொழி, அவ்வளவுதான். உங்கள் வாக்கியத்தில் அந்தப் பெயர்ச்சொல்லே இல்லை. "சாரி ஃபார் பீயிங் லேட்" என்றால் சரி. ஆனால் கதவைத் திறந்துகொண்டு நுழையும்போது இங்கே யாரும் அப்படி நீட்டிச் சொல்வதில்லை, "சாரி ஐம் லேட்"தான். வினைச்சொல் வந்தால் இங் சேருங்கள்: "தேங்க்ஸ் ஃபார் கமிங்". செய்யாமல் விட்டதற்கு நாட் முன்னால் வரும்: "சாரி ஃபார் நாட் காலிங்".

டப்ளின் தம்பி: இவ்வளவு குழப்பம் எதுக்கு? தேங்க்ஸ், சாரி ரெண்டுக்குமே ஃபார், அப்புறம் இங். "சாரி டு" என்று யாராவது சொன்னால் தப்பு.

லீட்ஸ் அக்கா: தேங்க்ஸுக்குச் சரி தம்பி, சாரிக்கு இல்லை. மேனேஜர் மும்முரமாக இருக்கும்போது போய்க் கூப்பிடுகிறீர்கள், அங்கே "சாரி டு பாதர் யூ" என்பதுதான் இயல்பு. நேற்று ராத்திரி ஃபோன் செய்து அவரை எழுப்பிவிட்டு இன்று காலை பார்க்கிறீர்கள் என்றால், "சாரி ஃபார் வேக்கிங் யூ அப் லாஸ்ட் நைட்". நடந்து முடிந்ததற்கு ஃபார் பொருந்தும். இப்போது செய்வதற்கும் செய்யப்போவதற்கும் டு.

மெல்போர்ன் சித்தப்பா: நல்ல நேரத்தில் பேசுகிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் அம்மா இறந்துவிட்டார். கார்டில் "ஐ ஃபீல் சாரி ஃபார் யூ" என்று எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. தாமதத்துக்கும் ஒரு சாரி சேர்க்கணுமா?

லீட்ஸ் அக்கா: சித்தப்பா, அதைக் கொடுக்காதீங்க. உங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்பது போல ஆகிவிடும். "ஐம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்" போதும். தாமதத்தைப் பற்றி எதுவும் வேண்டாம்.

சிட்னி மருமகள்: விருந்தையும் சேர்த்துக்கோங்க. வீட்டுக்காரர் வாசலில் "தேங்க்ஸ் ஃபார் கமிங்" என்பார். பதிலுக்கு நாம் "தேங்க்ஸ் ஃபார் ஹேவிங் அஸ்" என்போம். என் மாமனார் "தேங்க்ஸ் ஃபார் யுவர் இன்வைட்டிங்" என்பார். யுவர் இருந்தால் "யுவர் இன்விடேஷன்", இல்லையென்றால் வெறும் "இன்வைட்டிங் அஸ்".

டொராண்டோ புதுவரவு: சரி, புரிகிறது. காக்க வைத்ததற்கு "சாரி ஃபார் கீப்பிங் யூ வெயிட்டிங்" என்கிறார்களே, ரெண்டு இங் வருதே?

லீட்ஸ் அக்கா: சரிதான். முதல் இங் ஃபாருக்காக. இரண்டாவது கீப் கேட்பது, ஃபார் இல்லாவிட்டாலும் அது இருக்கும்.

டப்ளின் தம்பி: எங்கள் ஆபீஸில் அதற்கு சாரியே சொல்ல மாட்டார்கள், "தேங்க்ஸ் ஃபார் வெயிட்டிங்"தான்.

சிட்னி மருமகள்: அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு தேங்க்ஸா? எனக்கு அது திமிராகத்தான் படுகிறது.